கத்தரியில் புள்ளி வண்டு, கொட்டகையில் கொம்பு வண்டு: ஒரே படத்தில் உள்ளவற்றுள் எவற்றை அகற்ற வேண்டும்?

வயலோரம்

அனைவருக்கும் வணக்கம். பேராவூரணிக்கு அருகில் எங்கள் வீட்டைச் சுற்றிச் சிறிய தோட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டு பாத்தி கத்தரி, வேலியோரம் தட்டைப்பயறு, பின்புறம் மாட்டுக்கொட்டகை, அதையடுத்து எருக்குழி, சுற்றிலும் சில தென்னங்கன்றுகள் உள்ளன. இன்று காலையில் கண்ணில் பட்ட வண்டுகளை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்துப் படம் பிடித்து இங்கே இணைத்திருக்கிறேன்.

தட்டின் இடப்பக்கம் உள்ள மூன்று புள்ளி வண்டுகளும் கத்தரி இலையில் இருந்தவை. அவற்றுக்குக் கீழே உள்ள சிறியது தட்டைப்பயற்றின் கொழுந்தில், அசுவினி மொய்த்திருந்த இடத்தில் கிடைத்தது. வலப்பக்கம் கொம்புடன் உள்ள இரண்டு பெரிய கறுப்பு வண்டுகள் இரவில் கொட்டகை விளக்கடியில் விழுந்து கிடந்தவை.

புள்ளி வண்டு உழவனின் நண்பன் என்று பாடத்தில் படித்ததாக என் மகள் சொல்கிறாள். கொம்பு வண்டுகளை நசுக்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடலாம் என்பது என் கணவரின் எண்ணம். மருந்துக்கடையிலோ தோட்டம் முழுவதற்கும் ஒரே மருந்தை அடிக்கச் சொல்கிறார்கள். கத்தரி இலைகள் சல்லடையாகி வருவதால் விரைவில் ஏதாவது செய்தாக வேண்டும். எவை உண்மையில் செடிக்குக் கேடு செய்பவை என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்புலி

இது மிகவும் எளிது. புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். இருபத்தெட்டு இருந்தால் இலையைத் தின்பது. ஆறோ ஏழோ இருந்தால் அசுவினியைத் தின்பது. உங்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். மேலே உள்ள இரண்டில் இறக்கைக்குப் பதினான்கு வீதம் இருபத்தெட்டுப் புள்ளிகள் உள்ளன. ஆகவே அவை கெட்டவை. மூன்றாவதில் பன்னிரண்டுதான் தேறுகிறது, அதை விட்டுவிடலாம்.

பூச்சிநோக்கர்

கணக்குப்புலி முதல் இரண்டைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அந்தக் கணக்கின்படி மூன்றாவதை விட்டுவிட்டால் கத்தரி தொடர்ந்து அழியும். இவை மூன்றுமே எபிலாக்னா வண்டுகள்தாம். பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்து, பூச்சியைத் தின்னாமல் இலையைத் தின்னும் கிளை அது. அந்தக் கிளையில் பன்னிரண்டு புள்ளி உடையவையும் உண்டு, இருபத்தெட்டு உடையவையும் உண்டு; சிலவற்றில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணிக்கையே மாறிவிடும். ஆகவே எண்ணிக்கையை முதற்சான்றாகக் கொள்ள முடியாது.

படத்தில் வேறொன்றைப் பாருங்கள். கீழே உள்ள சிறிய வண்டின் முதுகில் சன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெறித்திருக்கிறது. மேலே உள்ள மூன்றின் முதுகிலும் அப்படி எந்தப் பொட்டும் இல்லை. பழைய செப்புக்காசுபோல் மங்கிக் கிடக்கின்றன. எபிலாக்னாவின் முதுகு முழுவதும் மிக நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் அதில் ஒளி தெறிப்பதில்லை. அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதைப் போல வழவழப்பாக இருக்கும். உங்கள் சிறிய வண்டின் முதுகில் புள்ளிகளைவிட வளைந்து நெளிந்த கறுப்புக் கோடுகளே மிகுதியாக உள்ளன. நம் ஊர்த் தட்டைப்பயற்றிலும் பருத்தியிலும் அசுவினி விழுந்தால் தவறாமல் வந்து சேரும் வகை அது. அதைக் கொண்டுபோய் எடுத்த கொழுந்திலேயே விட்டுவிடுங்கள்.

இவற்றைத் தட்டில் சேர்த்துப் படம் எடுத்ததைக் காட்டிலும், எது எங்கே இருந்தது என்று நீங்கள் குறித்ததே எனக்கு மிகவும் உதவியது. அசுவினியோ மாவுப்பூச்சியோ இல்லாத கத்தரி இலையில் மூன்று புள்ளி வண்டுகள் உட்கார்ந்திருந்தால், அங்கே அவற்றுக்கு உணவு எது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் போட முடியுமா? எபிலாக்னா இலையைக் கம்பளிப்புழுவைப்போல விளிம்பிலிருந்து கடித்துத் தின்னாது. நரம்புகளுக்கு இடைப்பட்ட பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மெல்லிய தோலை மட்டும் விட்டுவைக்கும். பிறகு அந்தத் தோல் காய்ந்து உதிர்வதால்தான் இலை சல்லடையாகத் தெரிகிறது.

மொட்டைமாடி

எனக்கும் இதே தொல்லைதான். சென்னையில் மாடியில் தொட்டிகளில் செம்பருத்தி வளர்க்கிறேன். தண்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றுள் சில மட்டும் பெரியவையாகவும் நீண்ட வெள்ளை இழைகளோடும் காணப்படுவதால் அவைதாம் தாய்ப்பூச்சிகள் என்று கருதி, குச்சியால் தேடித் தேடி எடுத்து நசுக்கி வருகிறேன். இதற்கும் இங்கே சொல்லப்படும் வண்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

பூச்சிநோக்கர்

தொடர்பு உண்டு, அம்மா. அடுத்த முறை நசுக்குவதற்கு முன் அந்தப் பெரியதைக் குச்சியால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சியாக இருந்தால் அசையாமல் கிடக்கும், அல்லது மிக மெதுவாக நகரும். விறுவிறுவென்று நடந்து அகன்றால், அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்திருக்கும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவாக இருக்கக்கூடும். தன் இரையைப் போலவே மேலெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு திரியும் புழு அது. 1898இல் காப்பித் தோட்டங்களின் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வகை. இப்போது தென்னிந்தியாவில் நிலைபெற்றுவிட்டது. அதன் வண்டைப் பார்த்தாலும் பலருக்குப் பொறிவண்டு என்று தோன்றாது. புள்ளியே இல்லாத கரிய உடலும் செம்மஞ்சள் தலையும் கொண்டது. உங்கள் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்புகள் இந்தப் புழுவை வேலை செய்ய விடாது.

இயற்கைவழி

எல்லாரும் புள்ளி வண்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொம்பு வண்டுகளை நசுக்குவதாக எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நான் வந்தேன். மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தவை என்றால் அவை சாணவண்டுகள். புதுச் சாணத்தை மண்ணுக்குள் இழுத்துச் சென்று புதைத்து நிலத்தை வளப்படுத்துபவை அவை. கொம்பைப் பார்த்து அஞ்சி அவற்றைக் கொல்வது நம் கையாலேயே நம் நிலத்துக்குக் கேடு செய்வதாகும். இரண்டையும் எருக்குழியின் அருகில் விட்டுவிடுங்கள்.

வயலோரம்

பூச்சிநோக்கர் ஐயா கேட்டபடி கத்தரி இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புதிய படம் இணைத்திருக்கிறேன். ஓர் இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகள் நெட்டுக்குத்தாகக் கூட்டமாக நிற்கின்றன. இன்னோர் இலையில் உடலெல்லாம் கிளைவிட்ட முட்கள் கொண்ட மஞ்சள் புழுக்கள் உள்ளன. அவை சுரண்டிய இடம் படிப்படியாகக் கோடு போட்டதுபோல் இருக்கிறது. அதே செடியில் இதே வடிவப் புழுக்கள் சில கரும்பழுப்பாகி, விறைத்து, இலையோடு ஒட்டிக் கிடக்கின்றன. தொட்டால் நொறுங்குகின்றன. இவை எல்லாவற்றையும் பறித்து எரித்துவிடலாமா?

பூச்சிநோக்கர்

முட்டை உள்ள இலைகளையும் மஞ்சள் முட்புழு உள்ள இலைகளையும் பறித்துவிடுங்கள். கத்தரியைக் கெடுப்பவை வண்டும் புழுவும் சேர்ந்துதான். அவற்றுள் புழு கூடுதலாகத் தின்னும். காலை வெயில் ஏறுவதற்கு முன் வண்டுகள் மந்தமாக இருக்கும். அப்போது செடியின் கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடியை உலுக்கினால் வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு விழும். இரண்டு பாத்திக்கு இதுவே பெரும்பாலும் போதும். முட்டையிலிருந்து வண்டாவதற்கு மூன்று வாரம் அளவில் ஆகும் என்பதால், இதை ஒரு நாள் செய்துவிட்டு நிறுத்தாமல் அந்தக் காலம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தொடர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு ஐம்பது கிராமை ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்ற அளவில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி கத்தரிக்கு மட்டும் தெளியுங்கள். தட்டைப்பயற்றுப் பக்கம் போக வேண்டாம்.

கரும்பழுப்பாக விறைத்துக் கிடப்பவற்றை மட்டும் செடியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றுக்குள் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு புழுவுக்குள்ளிருந்து பல குளவிகள் வெளிவரும். வெளிவந்தபின் கூட்டில் ஊசி குத்தியதைப் போன்ற துளை தெரியும். அமெரிக்காவில் அவரையை அழித்துவந்த எபிலாக்னா இனம் ஒன்றை ஒழிக்க 1960களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன குளவி இதுதான். உங்கள் தோட்டத்துக்கு அது கேட்காமலேயே வந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன மருந்தை முழுத் தோட்டத்துக்கும் அடித்தால் முதலில் மடிவது இந்தக் குளவியும், தட்டைப்பயற்றில் உள்ள பொறிவண்டும்தான்.

இனிக் கொம்பு வண்டுகள். இயற்கைவழி சொன்னது பாதிக்குப் பொருந்தும். இரண்டையும் கொட்டகை விளக்கு அழைத்து வந்திருக்கிறது. ஆனால் அவை ஒரே இனம் அல்ல. வலது ஓரத்தில் இருப்பது குட்டையாக, முதுகு உயர்ந்து உருண்டு இருக்கிறது. அதன் தலையின் முன்பகுதி மண்வெட்டித் தகடுபோல அகன்று தட்டையாக இருக்கிறது. முன்னங்கால்களில் தோண்டுவதற்கான தடித்த பற்கள் தெளிவாகத் தெரிகின்றன. கொம்பு அந்தத் தகட்டின் நடுவிலிருந்து எழுகிறது. அது சாணவண்டு, அதை விட்டுவிடலாம்.

அதற்கு இடப்புறம் இருப்பது நீண்டு உருண்ட உடல் உடையது. அதன் தலையில் தகடு இல்லை. பின்னோக்கி வளைந்த ஒரே கொம்பு உள்ளது. கொம்புக்குப் பின்னால் மார்பின் முன்பகுதி குழிந்து சரிந்திருக்கிறது. அது தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு. கொம்பு குட்டையாக இருப்பதாலும், வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர்க் கற்றை இருப்பதாலும் அது பெண் வண்டு என்று நினைக்கிறேன். அதை எருக்குழியின் அருகில் விட்டால் நீங்களே அதன் பிள்ளைப்பேற்றுக்கு இடம் கொடுத்ததாகும்.

உங்கள் கத்தரிக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி உங்கள் தென்னங்கன்றுகளைப் பற்றியதுதான்.

இயற்கைவழி

ஒரே ஒரு வண்டைக் கண்டதற்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. காண்டாமிருக வண்டின் புழுவும் குப்பையை மக்கவைக்கும் வேலையைத்தானே செய்கிறது? அது எந்தச் செடியின் வேரையும் தின்பதில்லை என்று நான் அறிவேன்.

தென்னந்தோப்பு

புழுவைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் புழு செய்யும் நன்மையைக் கணக்கில் வைத்து, அது வளர்ந்து வண்டானபின் செய்வதை மறந்துவிட்டீர்கள். நானும் பேராவூரணிப் பக்கத்துக்காரன்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆளும் கிடைக்கவில்லை, பணமும் இல்லை. அவை கிடந்த இடத்திலேயே மக்கத் தொடங்கின. பிறகு ஒரு மரத்துண்டைக் கடப்பாரையால் பிளந்தபோது உள்ளே சோறு கொட்டியதுபோல வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. பெரிய மரங்களுக்குப் பதிலாக நாங்கள் நட்டிருந்த கன்றுகளைத்தான் அந்த வண்டுகள் தேடி வந்தன.

வயலோரம் அவர்களே, உங்கள் கன்றுகளின் விரிந்த மட்டைகளைப் பாருங்கள். கீற்றுகள் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டி எடுத்ததுபோல இருபுறமும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அது இந்த வண்டின் வேலை. விரியாத குருத்தை வண்டு குறுக்கே துளைப்பதால், மடிந்திருந்த கீற்றுகள் எல்லாம் ஒரே வெட்டில் அறுபட்டு, மட்டை விரியும்போது அந்த வடிவம் வெளிப்படுகிறது. இன்று கண்ணில் படும் வெட்டு, குருத்தாக இருந்தபோதே நடந்து முடிந்தது. ஆகவே விரிந்த மட்டையைப் பார்த்துவிட்டு உடனே மருந்து வாங்க ஓடக்கூடாது. இப்போது வண்டு உள்ளே இருக்கிறதா என்பதைக் குருத்தின் அடியில் பார்க்க வேண்டும். மட்டை இடுக்கில் துளை வாயில், மென்று துப்பிய ஈர நார் பிதுங்கியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. நுனி வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுக்க வேண்டியதுதான்.

முதிர்ந்த மரம் சில வெட்டுகளைத் தாங்கிக்கொள்ளும். கன்றில் குருத்து அடிவரை போய்விட்டால் கன்றே போய்விடும். வண்டு போட்ட புண்ணில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் பெரிய மரத்தையும் இழக்க நேரிடும்; அந்தக் கூன்வண்டுக்குக் கொம்பும் கிடையாது, விளக்கடியில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

வயலோரம்

நீங்கள் சொன்னபடி பார்த்தேன், அண்ணா. எருக்குழிக்கு மிக அருகில் உள்ள கன்றில் இரண்டு மட்டைகள் அப்படியே முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கின்றன. குருத்தடியில் ஈர நார் எதுவும் இல்லை. பழைய துளை ஒன்று காய்ந்து கிடக்கிறது. மற்றக் கன்றுகள் நன்றாக உள்ளன.

எருக்குழியைக் கிளறியபோது வெள்ளைப் புழுக்கள் கிடைத்தன. ஆனால் அவற்றில் எனக்கு ஒரு குழப்பம். எல்லாம் பிறைபோல வளைந்தே இருந்தாலும், சிமெண்டுத் தரையில் விட்டபோது சில புழுக்கள் மல்லாந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டு, முதுகாலேயே ஊர்ந்து சென்றன. மற்றவை ஒருக்களித்துச் சுருண்டே கிடந்தன. அவற்றில் சில என் கட்டைவிரலைவிடப் பெரியவை. இரண்டும் ஒன்றுதானா?

பூச்சிநோக்கர்

மிக நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். முதுகால் ஊர்பவை காண்டாமிருக வண்டின் புழுக்கள் அல்ல. பூக்களில் வந்து அமரும் பளபளப்பான பூவண்டுகளின் புழுக்கள். அப்படி மல்லாந்து ஊர்வது அந்தக் கூட்டத்துக்கே உரிய பழக்கம். அவை மக்கிய குப்பையைத் தின்று அரைத்து எருவாக்குபவை. இயற்கைவழி புழுவைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையை முழுமையாக இவற்றுக்குக் கொடுக்கலாம். வண்டானபின் சில வகைகள் பூவையும் பழுத்த பழத்தையும் கடிக்கக்கூடும் என்றாலும், உங்கள் தோட்டத்தில் அது பொருட்படுத்தத்தக்க இழப்பாக இராது. அவற்றைக் குழியிலேயே விடுங்கள்.

சுருண்டு கிடந்த, பழுப்புத் தலையுடன் கட்டைவிரலைவிடப் பருத்தவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். புழுப் பருவமே மூன்று நான்கு மாதம் நீடிப்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குழியை அடிவரை புரட்டினாலே பெரும்பாலானவை வண்டாவதற்கு முன் அகப்பட்டுவிடும். எரு தயாரானதும் குழியிலேயே நெடுநாள் போட்டுவைக்காமல் எடுத்துப் பயன்படுத்திவிடுங்கள். பெரிய குழி வைத்திருப்பவர்கள் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலக்குகிறார்கள். அது ஈரம் உள்ள குழியில்தான் வேலை செய்யும். காய்ந்த குழியில் கொட்டினால் வீண்.

கன்றுகளுக்கு, வேப்பம் பிண்ணாக்குத் தூளை இரண்டு பங்கு மணலுடன் கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் நிரப்புங்கள். கன்றின் இடுக்கு சிறியது என்பதால் கொள்ளும் அளவே போதும். மழையில் கரைந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும்.

தென்னந்தோப்பு

நாங்கள் அந்துருண்டையை இடுக்கில் வைத்து மேலே மணல் போடுகிறோம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுவோம். வேப்பம் பிண்ணாக்கைவிட அது உறுதியாகக் கேட்கிறது என்பது எங்கள் அனுபவம்.

இயற்கைவழி

வீட்டை ஒட்டி, குழந்தை விளையாடும் இடத்தில் உள்ள கன்றில் அந்துருண்டை வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பலன் குறைந்தாலும் பிண்ணாக்கே போதும்.

கணக்குப்புலி

இவ்வளவு வேலைக்குப் பதிலாக இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை வாங்கித் தோட்டத்தின் நடுவில் தொங்கவிட்டால் ஊரில் உள்ள வண்டு எல்லாம் வாளியில் விழுந்துவிடுமே?

தென்னந்தோப்பு

ஊரில் உள்ள வண்டு எல்லாம் வரும் என்பதுதான் அதில் உள்ள சிக்கல். வாளிக்குள் விழுவதைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் வருகிற எல்லா வண்டும் வாளிக்குள் விழுவதில்லை. பொறிக்குப் பக்கத்து மரங்களில் சில தங்கிவிடுகின்றன. சில கன்றுகளுக்காக வீட்டு நடுவில் பொறி வைத்தால் அடுத்த தோப்பு வண்டுக்கும் விருந்து வைத்ததாகும். பல தோப்புக்காரர்கள் சேர்ந்து எல்லைகளில், கன்றுகளிலிருந்து தள்ளி வைத்தால் பயன் உண்டு.

பூச்சிநோக்கர்

பொறியை நான் அந்த அளவுக்குத் தள்ளிவிட மாட்டேன். குழியையும் மக்கும் மரத்துண்டுகளையும் கவனித்துக்கொண்டே கூடுதலாகப் பொறியும் வைத்த தோப்புகளில் பெண் வண்டுகள் நிறைய விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் வயலோரம் அவர்களின் தோட்ட அளவுக்கு அது தேவை இல்லை என்பதில் தென்னந்தோப்புடன் உடன்படுகிறேன்.

மொட்டைமாடி

குச்சியால் தொட்டுப் பார்த்தேன். பெரிய வெள்ளைகள் ஓடுகின்றன! தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசையும் இருக்கிறது. எறும்பை மட்டும் தடுக்க எளிய வழி எது?

பூச்சிநோக்கர்

தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செம்பருத்தியின் கிளை சுவரையோ அடுத்த தொட்டியையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். கொசு வராமலிருக்கத் தட்டுத் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வயலோரம்

கத்தரியை இன்று காலை உலுக்கினேன். வண்டுகள் பாத்திரத்தில் விழுந்தன. பழுப்புக் கூடுகள் உள்ள இலைகளுக்கு மட்டும் அடையாளமாக நூல் கட்டியிருக்கிறேன். அண்ணா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எங்கள் வேலிக்கு அப்பால் பக்கத்து மனையில் கஜாவில் விழுந்த தென்னை மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் மண்ணோடு கிடக்கின்றன. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவற்றில் வண்டு முட்டையிடுமா?

தென்னந்தோப்பு

கடப்பாரையால் குத்திப் பாருங்கள். உள்ளே நார் பொலபொலவென்று ஈரமாக இருந்தால் இன்னும் இடும். முழுவதும் மண்ணாகிக் கறையான் பிடித்திருந்தால் பெரும்பாலும் விட்டுப் போயிருக்கும். ஈரமாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுப் பிளந்து வெயிலில் காயப் போட்டு எரித்துவிடுங்கள். உங்கள் எருக்குழியை எத்தனை முறை புரட்டினாலும் அந்தக் கட்டைகள் அப்படியே கிடந்தால் கன்றுக்கு வண்டு வருவது நிற்காது.